மூடிய புத்தகமும் சிவப்புப் பேனாவும்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பொறியியல் கல்லூரிகளில் முதலாமாண்டு வரவேற்பு நாள் என்றால் அரங்கம் நிறையப் பிள்ளைகளும் பெற்றவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். தாளாளர், முதல்வர், துறைத்தலைவர்கள், பகடிவதைத் தடுப்பு விதி, விடுதி விதி, பேருந்துத் தடம் என்று வரிசையாகப் போய், சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால்தான் மூத்த மாணவர் ஒருவரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். கிடைப்பது நாலு நிமிடம். பெரும்பாலும் அது "நல்லாப் படிங்க, நேரத்தை வீணாக்காதீங்க" என்று கரைந்துவிடுகிறது. கேட்டவர்களுக்கு அன்றிரவு செய்வதற்கு ஒரு வேலையும் இருக்காது.

கீழே இருப்பது அந்த நாலு நிமிடத்துக்கு ஏற்ற பேச்சு. முதலாமாண்டில் நல்ல மதிப்பெண் வாங்கி இரண்டாமாண்டுக்குப் போன ஒரு மாணவி பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் பாடச் சுருக்கம் எழுதுவது என்ற ஒன்றைத் தவிர இதில் வேறு எதுவும் இல்லை. பேச்சு முடிந்ததும், அதிலுள்ள வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதை ஒரு பாடத்தைக் கையில் எடுத்து விளக்குகிறேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. மேடையில இருக்கற ஆசிரியர்களுக்கும், பின்னால உட்கார்ந்திருக்கற பெத்தவங்களுக்கும் வணக்கம். தம்பிகளா, தங்கச்சிகளா, ஒரே ஒரு வேலை சொல்லிட்டுப் போயிடறேன்.

ஒரு செமஸ்டர் சுமாரா பதினஞ்சு வாரம். ஒரு பாடத்துக்கு அஞ்சு யூனிட்டு. அப்ப ஒரு யூனிட்டு மூணு வாரம் ஓடும். ஒவ்வொரு வாரமும் இயற்பியல், வேதியியல், பைத்தான், தமிழர் மரபு, இந்த நாலுக்கும் பாடத்துக்கு ஒரு பக்கம் சுருக்கம் எழுதுங்க. ரெண்டாவது பக்கத்துக்குப் போகாதீங்க. கணக்குக்கு இது வேண்டாம், அதுக்கு வேற வழி இருக்குது.

புத்தகத்தை மூடி வெச்சுட்டுத்தான் எழுதோணும். அந்த வாரம் நடத்துன தலைப்புகளை மட்டும் பக்கத்து மேல எழுதிக்கோங்க. அப்புறம் நீலப் பேனாவுல, பன்னெண்டு நிமிஷம், ஞாபகத்துல இருக்கறதை எழுதுங்க. வராத இடத்துல ஒரு கோடு போட்டு இடம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க. பன்னெண்டு நிமிஷம் ஆனதும் புத்தகத்தைத் தொறந்து, விட்டதையும் தப்பா எழுதுனதையும் செவப்புப் பேனாவுல திருத்துங்க. கடைசியா பக்கத்துக்கு அடியில மூணு கேள்வி எழுதுங்க. பதில் எழுதாதீங்க, கேள்வி மட்டும்.

மொத வாரம் பக்கம் பூராவும் செவப்பாத்தான் இருக்கும். பயந்துக்காதீங்க. தெரியலைங்கறதைப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்டுபிடிக்காம, இந்த வெள்ளிக்கிழமையே கண்டுபிடிச்சுட்டீங்க, அவ்வளவுதான்.

தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவங்க விளக்கத்தைத் தமிழ்லயே எழுதுங்க. கலைச்சொல்லும் வரையறையும் மட்டும் இங்கிலீஷ்ல இருக்கோணும். பரீட்சை அதுலதான் எழுதோணும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பாடம், சனிக்கிழமை காத்தால ரெண்டு பாடம். ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளுனா நடக்காதுங்க. ஊர்ல இருந்து பஸ் ஏறி விடுதிக்கு வந்து சேரவே நேரம் சரியாப் போயிடும்.

என்னோட நோட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கேட்டு வந்தா தரமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. அதுல இருக்கற செவப்பு எனக்குத் தெரியாதது. உங்களுக்குத் தெரியாதது வேற.

இன்னைக்கே ஒரு நோட்டு வாங்கி, மொதப் பக்கத்துல பாடத்தோட பேரு எழுதி வெச்சுருங்க. அவ்வளவுதானுங்க. நன்றி."

இந்தப் பேச்சில் ஒரு வரியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், 'புத்தகத்தை மூடி வெச்சுட்டுத்தான் எழுதோணும்' என்ற வரியைத்தான் விடமாட்டேன். சுருக்கம் எழுதுவது நல்லது என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஆனால் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, முக்கியமாகப் படுகிற வாக்கியங்களைப் பொறுக்கி நோட்டுக்கு மாற்றுகிறார்கள். கை வேலை செய்கிறது, தலை வேலை செய்வதில்லை. 2013ஆம் ஆண்டு உளவியலாளர் ஜான் டன்லோஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டுப் பார்த்தபோது, சுருக்கம் எழுதுதல் கீழ்த்தட்டில்தான் வந்தது. தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதும், படிப்பை நாள் இடைவெளி விட்டுப் பரப்பி வைப்பதும் மேல்தட்டில் வந்தன. நன்றாகச் சுருக்கத் தெரிந்தவருக்கே சுருக்கம் பயன்படுகிறது, பெரும்பாலான மாணவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

புத்தகத்தை மூடிவிட்டால் அதே சுருக்கம் ஒரு சோதனையாக மாறிவிடுகிறது. வாரக் கடைசியில் எழுதும்போது, திங்கட்கிழமை நடத்தியதற்கு நாலு நாள் இடைவெளியும் தானாக வந்துவிடுகிறது. மேல்தட்டு முறைகள் இரண்டும் ஒரே பக்கத்துக்குள் வந்தாயிற்று. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பத்தியை ஒரு கூட்டம் இரண்டு முறை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு முறை படித்துவிட்டு, அடுத்த முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்தவர்களுக்கு 42 விழுக்காடும் எழுதியவர்களுக்கு 56 விழுக்காடும் நினைவில் நின்றது. படித்தவுடன் "எல்லாம் தெரியுது" என்று தோன்றுவதை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு அந்த ஐந்து நிமிடக் கணக்கே போதும்.

சரி, ஒரு பக்கம் எப்படி இருக்கும்? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பொறியியல் வேதியியலின் முதல் யூனிட்டு தண்ணீரும் அதைச் சுத்திகரிப்பதும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வீட்டிலேயே பார்த்துப் பழகிய பாடம். போர் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்திலும் வாட்டர் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளைப் பொருக்குப் படிவதைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறார்கள். சிறுவாணித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கே சொல்லும்.

முதல் வாரத்தில் கடினத்தன்மை வருகிறது. மாணவர் புத்தகத்தை மூடிவிட்டு நீல மையில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: கால்சியம், மெக்னீசியம் உப்புகளால் வருவது கடினத்தன்மை. பைகார்பனேட்டாக இருந்தால் தற்காலிகம், காய்ச்சினால் போய்விடும். குளோரைடு, சல்பேட்டு என்றால் நிரந்தரம். எல்லாவற்றையும் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமாக மாற்றிச் சொல்ல வேண்டும். அடுத்து ஒரு சிறு கணக்கை நினைவிலிருந்து போட்டுப் பார்க்கிறார். ஒரு லிட்டரில் Ca(HCO₃)₂ 16.2 மில்லிகிராம், MgCl₂ 19, CaSO₄ 13.6, NaCl 58.5 இருக்கிறது. எடையை 100ஆல் பெருக்கி மூலக்கூறு எடையால் வகுக்க வேண்டும். முதல் உப்புக்கு 162ஆல் வகுத்தால் 10. இரண்டாவதற்கு 95ஆல் வகுத்தால் 20. மூன்றாவதற்கு 136ஆல் வகுத்தால் 10. நான்காவதற்கும் அதையே செய்து 100 என்று போட்டு, மொத்தம் 140 என்று முடிக்கிறார்.

புத்தகத்தைத் திறந்தால் விடை 40. தற்காலிகம் 10, நிரந்தரம் 30. சோடியம் குளோரைடு கடினத்தன்மையைத் தருவதே இல்லை. கணக்கில் அதை வேண்டுமென்றே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது முக்கியம். சூத்திரம் சரி, பெருக்கலும் சரி. வரையறையையும் நாலு வரிக்கு முன்னால் அவரே சரியாக எழுதியிருக்கிறார். ஆனால் நம் ஊரில் பொருக்குப் பிடிக்கிற தண்ணீருக்குப் பெயரே உப்புத்தண்ணி. உப்பு என்றால் கடினம் என்று மனசு முன்பே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. வகுப்பில் கேட்கும்போதும், புத்தகத்தில் படிக்கும்போதும் இந்த முடிச்சு கண்ணில் படாது. நினைவிலிருந்து எழுதும்போதுதான் அது வெளியே வருகிறது. எனவே சிவப்பு மையில் விடையை மட்டும் திருத்தினால் போதாது. "NaCl சேர்க்காதே. சோடியம் கடினத்தன்மை தராது. உப்புத்தண்ணி என்ற பேச்சு வழக்கை நம்பாதே" என்று காரணத்தையும் ஒரு வரி எழுத வேண்டும். அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது பயன்படப்போவது அந்த வரிதான்.

இரண்டாம் வாரம் பாய்லர் கோளாறுகள்; காரத்தால் பாய்லர் உலோகம் நொறுங்கும் காஸ்டிக் எம்பிரிட்டில்மென்ட் அவற்றில் ஒன்று. மூன்றாம் வாரம் பாய்லருக்குப் போகும் தண்ணீரை மென்மையாக்கும் முறைகள். திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைகளில் பாய்லர் ஓடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த வாரங்கள் எளிதாகப் படும். எளிதாகப் படுகிற வாரம்தான் ஏமாற்றும்.

மூன்றாம் வாரப் பக்கத்தில் ஜியோலைட் முறையை நீல மையில் எழுதுகிறார்: கடின நீர் ஜியோலைட் படுகை வழியாகப் போகும்போது கால்சியம், மெக்னீசியம் அதில் பிடிபட்டு, பதிலுக்குச் சோடியம் தண்ணீருக்கு வரும். Na₂Ze + Ca(HCO₃)₂ → CaZe + NaHCO₃. படுகை தீர்ந்துபோனால் உப்புக் கரைசல் விட்டால் திரும்ப உயிர் வரும். "குறைகள்:" என்று எழுதி ஒரு கோடு போட்டு இடம் விட்டுவிடுகிறார். கடைசி வரி: "ஜியோலைட் தண்ணீர் மென்நீர், பாய்லருக்கு நல்லது."

இப்போது சிவப்பு மை. முதல் திருத்தம் சின்னது. சமன்பாட்டில் வலப்பக்கம் 2NaHCO₃ என்று இருக்க வேண்டும். இரண்டாவது, விட்டுப்போனவை. உப்புக் கரைசல் 10 விழுக்காடு. கலங்கல் தண்ணீர் விட்டால் ஜியோலைட்டின் நுண்துளைகள் அடைபடும். இரும்பு, மாங்கனீசு இருந்தால் அவை பிடித்த பிடி விடாது, உப்புக் கரைசலாலும் திரும்பி வராது. அமிலம் இருந்தால் ஜியோலைட்டே சிதையும். மூன்றாவதுதான் பெரிய திருத்தம். கடைசி வரியைப் பாதி அடித்துவிட்டு இப்படி எழுத வேண்டும்: "மென்நீர்தான், ஆனால் சோடியம் பைகார்பனேட்டு தண்ணீரிலேயே நிற்கிறது. பாய்லர் சூட்டில் அது கார்பனேட்டாகி, பிறகு NaOH ஆகும். CO₂ வெளியேறும். CO₂ அரிப்பைத் தரும். NaOH, போன வாரம் படித்த காஸ்டிக் எம்பிரிட்டில்மென்ட்டைத் தரும். உயர் அழுத்த பாய்லருக்கு ஆகாது."

முதல் வகைத் தவறு கவனக்குறைவு, இரண்டாவது மறதி. இரண்டையும் திரும்பப் பார்த்தால் சரிசெய்துவிடலாம். மூன்றாவது, இரண்டு வாரப் பாடங்களைத் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டியதால் வந்தது. ஜியோலைட்டும் தெரியும், காஸ்டிக் எம்பிரிட்டில்மென்ட்டும் தெரியும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிறது என்பது மட்டும் தெரியாது. பதிமூன்று மதிப்பெண் கேள்வியில் ஜியோலைட் முறையை விளக்கிவிட்டு, அதன் நிறைகுறைகளில் தடுமாறுகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். அதனால் சிவப்புத் திருத்தம் முடித்ததும், முந்தைய வாரங்களின் பக்கங்களைத் திருப்பி, "இந்த வாரத்தில் எது அவற்றோடு ஒட்டுகிறது?" என்று ஒரு நிமிடம் தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் போதும். இந்த வாரத்துக்கு அது சுலபம்: படுகைக்கு உயிர் கொடுக்கும் உப்புக் கரைசல், முதல் வாரத்தில் கடினத்தன்மை தராது என்று திருத்தி எழுதிய அதே சோடியம் குளோரைடுதான். அது கடினத்தன்மையைத் தருவதாக இருந்தால் அதைக் கொண்டு படுகையை மீட்கவே முடியாது.

அடியில் எழுதும் மூன்று கேள்விகளைப் பிள்ளைகள் அவசரமாக எழுதிவிடுகிறார்கள். "ஜியோலைட் என்றால் என்ன?" என்ற கேள்வி இரண்டு மதிப்பெண்ணுக்கு ஆகும், ஆனால் உங்களைச் சோதிக்காது. சிவப்பு மை எங்கே அதிகமோ அங்கிருந்து கேள்வி பிறக்க வேண்டும். இந்தப் பக்கத்துக்கு என்றால், "ஜியோலைட்டில் மென்மையாக்கிய தண்ணீரை உயர் அழுத்த பாய்லரில் ஏன் விடக்கூடாது?", "இரும்புச்சத்து உள்ள போர் தண்ணீரை நேரே ஜியோலைட் படுகைக்கு விட்டால் என்ன ஆகும்?", "அயனிப் பரிமாற்ற முறையில் நேரயனிப் படுகை முதலில் இருப்பது ஏன்?" மூன்றாவதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்காது, யோசிக்க வேண்டும்: எதிரயனிப் படுகைக்கு முதலில் விட்டால், அங்கே வெளியாகும் ஹைட்ராக்சைடு கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிப் படுகையை அடைத்துவிடும். பதில் எழுத வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னதும் இதற்காகத்தான். பதில் கண்ணெதிரே இருந்தால் கேள்வியைப் படித்த கையோடு கண் பதிலுக்குப் போய்விடும்.

ஒரு பக்கம் என்ற கட்டுப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு பக்கம் எழுதினால் அது சுருக்கம் இல்லை, இரண்டாவது புத்தகம். எழுத நாற்பது நிமிடமாகும், மூன்றாம் வாரத்தோடு நின்றுவிடும். பாடத்துக்கு இருபத்தைந்து நிமிடம் என்று வைத்தால் நாலு பாடத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். தலைப்பு எழுத மூன்று, நீலத்துக்குப் பன்னிரண்டு, சிவப்புக்கு ஏழு, கேள்விக்கு மூன்று. பதினைந்து வாரத்துக்கு அறுபது பக்கம், ஒரே நோட்டில் அடங்கிவிடும். பாடத்துக்கு ஒரு நோட்டு போடாதீர்கள். ஒன்று விடுதியிலும் ஒன்று வீட்டிலுமாகக் கிடந்து, தேவையான நேரத்தில் எதுவும் கையில் இருக்காது.

கணக்குக்கு வேண்டாம் என்று சொன்னதன் காரணம் எளிது. ஐகன் மதிப்பு கண்டுபிடிக்கும் வழியைப் பத்து வரியில் சுருக்கி எழுதினால் எதுவும் கைக்கு வராது. அங்கே போட்ட கணக்கையே ஒரு வாரம் கழித்து வெறும் தாளில் திரும்பப் போட வேண்டும். தவறிய படியை மட்டும் நோட்டில் குறித்தால் போதும். பெரும்பாலும் அது குறியைத் தவறவிட்ட இடமாகத்தான் இருக்கும். பைத்தானில் பாதிக்குச் சுருக்கம் ஆகும், பாதிக்கு ஆகாது. லிஸ்ட்டுக்கும் டியூப்பிளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாக எழுதலாம். நிரலைத் தாளில் எழுதிவிட்டு, கணினியில் அப்படியே தட்டச்சுச் செய்து ஓட்டிப் பார்த்து, வந்த பிழைச் செய்தியைச் சிவப்பில் எழுதுங்கள். அங்கே புத்தகத்துக்குப் பதில் கணினி திருத்துகிறது.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கான வரி அந்தப் பேச்சில் சின்னதாக இருக்கிறது, ஆனால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் அரங்கத்தில் பலருக்கு அதுதான் காது கொடுக்க வேண்டிய வரி. ஆங்கிலத்திலேயே சுருக்கம் எழுத முயல்கிறவர், புரியாத இடத்தில் புத்தக வாக்கியத்தை மனப்பாடமாக எழுதிவிடுகிறார். நீல மையில் அது சரியாகவே இருக்கும், சிவப்புக்கு இடமே இருக்காது. ஆனால் "ஏன்?" என்று கேட்டால் பதில் வராது. விளக்கத்தைத் தமிழில் எழுதச் சொன்னால் ஒளிய இடமில்லை. படுகை அடைபடும் என்று எழுதுகிறவருக்கு எது எதை அடைக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு யூனிட்டு முடிகிற மூன்றாவது வாரத்தில் மட்டும், பெரிய கேள்வி ஒன்றுக்கான விடையை ஆங்கிலத்தில் முழுதாக எழுதிப் பாருங்கள். வாராவாரம் அதைச் செய்யத் தேவையில்லை.

பக்கத்தில் சிவப்பே இல்லை என்றால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். பாடம் முழுதும் தெரியும், அல்லது புத்தகம் திறந்திருந்தது. நாலைந்து வாரம் சிவப்பு மை ஒரே அளவில் குறையாமலே இருந்தால், பிரச்சினை எழுதும் முறையில் இல்லை, வகுப்பில் கேட்பதில் இருக்கிறது. அந்தப் பக்கங்களோடு ஆசிரியரிடம் போங்கள். "சார், புரியலைங்க" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "சார், இந்த இடம் மூணு வாரமா செவப்பாவே வருதுங்க" என்று நோட்டைக் காட்டிக் கேட்டால், எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது என்று அவருக்கும் உடனே பிடிபடும்.

ஊர்த் திருவிழா, காய்ச்சல், தோட்டத்து வேலை என்று இரண்டு வாரம் விட்டுப்போவது நடக்கும். விட்டதை முழுதாக எழுதி முடித்துவிட்டுத்தான் இந்த வாரத்துக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் நோட்டு அத்தோடு நின்றுவிடும். விட்ட வாரத்துக்குத் தலைப்புகளையும் மூன்று கேள்விகளையும் மட்டும் அரைப் பக்கத்தில் எழுதிவிட்டு, இந்த வாரத்தை வழக்கம்போல எழுதுங்கள்.

இன்டர்னல் தேர்வு வரும்போது இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் அடியிலுள்ள கேள்விகளுக்கு மட்டும், மேலே ஒரு தாளை வைத்து மறைத்துக்கொண்டு, வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். தடுமாறிய பக்கத்தின் மூலையை மடித்து வையுங்கள். பிறகு மடித்த பக்கங்களில் உள்ள சிவப்பு வரிகளை மட்டும் படியுங்கள். ஒரு யூனிட்டுக்கு மூன்று பக்கம், ஒன்பது கேள்வி. அதற்குப் பிறகும் நேரம் மீதி இருந்தால், நீல மைக்கு வரலாம்.